நாலரை மில்லிமீட்டருக்கு மேல்

பயப்படுவதற்கு அவளுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகும் குமிழை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் படுக்கப் போவாள். "நீ பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா இந்நேரம் நாம மாடி வீடு கட்டியிருப்போம்" என்பாள் அக்கா. அக்காவின் குடும்பத்தோடுதான் அவள் இருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், அதற்கும் பயந்துவிட்டேன் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கட்டடவியல் துறையின் சோதனைக்கூடத்தை அவள் பார்த்துக்கொண்டாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. எந்த அளவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாலும் "இன்னொருதடவை பாரு" என்று திருப்பி அனுப்புவாள். அது நுட்பம் அல்ல, பழக்கம். பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே கை. அவளுடைய பயங்களில் பெரும்பாலானவை வீணாய்ப் போனவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். பூட்டு ஒருநாளும் திறந்து கிடந்ததில்லை.

கூடத்தின் நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். இரண்டிலும் தலைக்குச் சற்று மேலே ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த இரண்டு பிராக்கெட்டுகளின்மேல் நான்கு மீட்டர் இடைவெளியில் ஒரு இரும்பு உத்தரம் கிடந்தது. அதன் நடுவிலிருந்து கம்பிகளில் ஒரு தட்டு தொங்கும். தட்டில் இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினால் உத்தரத்தின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே தொய்யும். அந்தத் தொய்வை, உத்தரத்தின் அடியில் ஊசி படும்படி நிறுத்திய டயல் கேஜ் என்கிற கருவி, முகப்பு முள்ளால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் காட்டும். ஐந்நூறு கிலோ ஏற்றினால் சூத்திரப்படி நாலரை மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். அளந்தால் நாலு புள்ளி ஆறுக்குப் பக்கத்தில் வரும். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லி முடிவுரை எழுதுவதுதான் பாடம்.

காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். 'கணக்கிட்ட தொய்வுக்கும் அளந்த தொய்வுக்கும் இடையிலான வேறுபாடு, டயல் கேஜின் உராய்வாலும் மனிதப் பிழையாலும் ஏற்பட்டது.' எந்த மகராசன் முதலில் எழுதினானோ, வருஷா வருஷம் அந்த வாக்கியம் கைமாறி வந்துகொண்டிருந்தது. அவளும் அதற்குச் சரி போட்டுக்கொண்டு வந்தாள். வித்தியாசம் சிறியதாக இருக்கும்வரை எந்தக் காரணமும் பொருந்திவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின மதியம், அறிக்கைகளைத் திருத்த உட்கார்ந்தாள். நாலு புள்ளி ஐந்து எட்டு, நாலு புள்ளி ஆறு, நாலு புள்ளி ஐந்து ஒன்பது என்று ஒரே அச்சில் வார்த்தமாதிரி வந்துகொண்டிருந்தன. கடைசி அறிக்கையில் ஐந்து புள்ளி இரண்டு என்று இருந்தது. அதற்கும் கீழே அதே உராய்வு, அதே மனிதப் பிழை.

அந்த அறிக்கை அக்காவின் மகளுடையது. வீட்டில் சித்தி, வகுப்பில் மேடம். வராந்தாவில் நின்றிருந்தவளை உள்ளே கூப்பிட்டாள்.

"என்னடி இது, அஞ்சு புள்ளி ரெண்டு?"

"அதான் சித்தி வந்துச்சு. சாரி, மேடம்."

"எல்லாருக்கும் நாலு புள்ளி ஆறு வந்திருக்கு."

"வந்திருக்கும். அவங்க பத்துப் பதினஞ்சு கல்லு வெச்சதும் கை வலிக்குதுன்னு நிறுத்திட்டாங்க. மிச்சத்தை சீனியருங்க அறிக்கையில இருந்து நிரப்பிட்டாங்க. எங்க குரூப்ல பயில்வான் இருக்கான் இல்ல? அவனுக்குக் கல்லு தூக்குறதுன்னா திருவிழா மாதிரி. முழுசும் ஏத்திட்டான். ஆனா எழுதும்போது எங்க குரூப்லயும் மத்தவங்க நாலு புள்ளி ஆறுன்னு மாத்திட்டாங்க."

"நீ சரியாப் படிச்சியா?"

"இன்னொருதடவைகூடப் பாத்தேன்" என்றாள் மகள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. பிறகு சற்றுத் தயங்கி, "கல்லையெல்லாம் இறக்கினப்புறம் முள்ளு பூஜ்யத்துக்கு வரல. கால் மில்லிமீட்டர் நின்னுபோச்சு. அதையும் எழுதியிருக்கேன்" என்றாள்.

"இவ்வளவு வித்தியாசம் வந்திருக்கு, அப்புறம் எதுக்குடி உராய்வுன்னு எழுதின?"

"அதுதானே எழுதணும்?"

அவள் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வரைபடத்தாளை எடுத்து மகள் எழுதியிருந்த அளவுகளைப் புள்ளி வைத்தாள். நூறு கிலோவுக்கும் இருநூறுக்கும் புள்ளிகள் சூத்திரக் கோட்டை ஒட்டியே கிடந்தன. முந்நூறில் லேசாக விலகின. நானூறில் இன்னும் விலகின. ஐந்நூறில் கோட்டை விட்டே போயிருந்தன.

பயம் வந்தது. இது பூட்டைப் பற்றிய பயம் மாதிரி இல்லை. அந்தப் பயத்துக்கு முகம் கிடையாது. இதற்கு இருந்தது.

இரும்பின் தன்மையைத் தவறாக எடுத்திருந்தாலோ, உத்தரத்தின் அளவைத் தவறாக எழுதியிருந்தாலோ வித்தியாசம் எடைக்கு ஏற்றபடிதான் வளரும். புள்ளிகள் வேறொரு நேர்கோட்டில் விழும். இங்கே கோடு வளைந்திருந்தது. எடையை இறக்கிய பிறகும் முள் திரும்பவில்லை. ஐந்நூறு கிலோ அந்த உத்தரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. அது நிரந்தரமாக வளைய வேண்டுமானால் அதைப்போல் பல மடங்கு ஏற்ற வேண்டும். அப்படியானால் நகர்ந்தது உத்தரம் அல்ல. உத்தரம் உட்கார்ந்திருக்கிற இடம்.

டயல் கேஜ் தரையிலிருந்து அளக்கிறது. உத்தரம் வளைந்து இறங்கினாலும், முனை அப்படியே கீழே இறங்கினாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. இரண்டு தூண்களும் உத்தரமும் பளிச்சென்று நீல நிறத்தில் நின்றன. போன மாதம் ஆய்வுக்குழு வருகிறதென்று எல்லாவற்றுக்கும் பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தார்கள். நாளைக் காலையில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முழு எடையையும் ஏற்றச் சொல்வார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பிள்ளை தட்டுக்குப் பக்கத்தில் நின்று, உத்தரத்துக்கு அடியில் தலையை நீட்டி முள்ளைப் படிப்பான். பட்டியலில் முதல் குழுவிலேயே அக்காவின் மகள் பெயர் இருந்தது.

துறைத்தலைவர் அறைக்குப் போனாள். மாணவர்கள் அவரை 'ஆகட்டும் சார்' என்பார்கள். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார். ஆனதாகச் சரித்திரம் இல்லை. கெட்ட மனிதர் அல்ல. ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து நூறு அவசரங்களைச் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

வரைபடத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"டயல் கேஜ் சிக்கியிருக்கும்மா."

"சிக்கினா குறைவாத்தான் சார் காட்டும். இது அதிகமாக் காட்டுது."

"ஸ்டாண்டு அசைஞ்சிருக்கும்."

"இருக்கலாம் சார்."

அதை அவளால் மறுக்க முடியவில்லை. அவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம் என்பதுதான் அவளை வதைத்தது. பயந்தவளுக்கு எதிரிலிருப்பவர் சொல்கிற ஒவ்வொரு சமாதானமும் பாதி இனிக்கும்.

"நாளைக்குத் தேர்வு. தேர்வாளருக்குச் சொல்லியாச்சு. பசங்க கையில படிச்ச ஒரு அளவை வெச்சுக்கிட்டு நான் சோதனையை நிறுத்தினேன்னா, மேல கேட்பாங்க. என்ன காரணம்னு கேட்டா என்ன சொல்ல? எங்க மேடத்துக்குப் பயமா இருக்குன்னா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணத்தை எழுதிக் கொண்டாங்க. பயத்தை எழுதாதீங்க. காரணம் இருந்தா நானே கையெழுத்துப் போட்டு நிறுத்துறேன்" என்றார். பிறகு, குரலைத் தணித்து, "ஆகட்டும், ஒரு மணி நேரத்துல நானும் வர்றேன்" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை என்று படி இறங்கும்போது நினைத்துக்கொண்டாள். ஆனால் காரணம் வேண்டுமென்றால் எடையை மறுபடி ஏற்ற வேண்டும். எது நடக்கக்கூடாது என்று பயந்தாளோ அதைத் தானே செய்து பார்க்க வேண்டும். சும்மா இருந்துவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. நாளைக்குக் காய்ச்சல் என்று மகளை வீட்டில் நிறுத்திவிடலாம். மற்ற பிள்ளைகள்? அந்தக் கேள்வி வந்ததும் அந்த நினைப்பு கூசிக்கொண்டு போய்விட்டது. அது தனக்கு வந்தது என்கிற உறுத்தல் மட்டும் தங்கியது.

கூடத்தின் கதவைத் திறந்தபோது அக்காவின் மகளும் பின்னாலேயே வந்தாள்.

"நீ வெளிய போ."

"சித்தி, நீங்க ஒருத்தரா இத்தனை கல்லையும் தூக்கினா நாளைக்கு அம்மா உங்களுக்கு முதுகுக்கு எண்ணெய் தேய்க்கணும். அம்மா என்னைத்தான் திட்டுவாங்க. நான் தூணுக்கு அந்தப்பக்கம் நிக்கிறேன். கல்லை மட்டும் தள்ளி விடுறேன்."

"கோட்டைத் தாண்டக் கூடாது" என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

முதலில் ஏணியில் ஏறி, இரும்புச் சங்கிலியை உத்தரத்தின் இடது முனையைச் சுற்றி எடுத்துத் தூணின் உச்சியோடு கட்டினாள். இறங்கி வந்து அதேபோல் வலது முனையையும் கட்டினாள். பிராக்கெட் போனாலும் உத்தரம் தலையில் விழாது. தட்டுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, விரல் நுழைகிற அளவு மட்டும் சந்து விட்டாள். உத்தரத்தின் நடுவில் ஒரு டயல் கேஜ். இரண்டு முனைகளிலும், பிராக்கெட்டுக்கு நேர்மேலே, தனித்தனி ஸ்டாண்டுகளில் ஒவ்வொன்று. ஸ்டாண்டுகளைத் தூணில் பொருத்தவில்லை, தரையிலிருந்து நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு போனை வைத்து, முள்ளைப் படம்பிடித்து மேஜையில் இருந்த கணினிக்கு அனுப்பும்படி செய்துகொடுத்தாள் மகள். மூன்றாவது போன் பயில்வானுடையது. காரணம் சொல்லாமலே வாங்கி வந்திருந்தாள். இனி யாரும் உத்தரத்துக்கு அடியில் தலையை நீட்ட வேண்டியதில்லை.

இருநூறு கிலோ வரைக்கும் ஒன்றும் இல்லை. வலது முள் அசையவே இல்லை. இடது முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவளுக்குத் தன்மேலேயே வெட்கம் வந்தது. ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் ஆகட்டும் சார் சிரிப்பார். நாளைக்குத் தேர்வு நடக்கும். அவள் வீட்டுக்குப் போய் அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். அப்படியே ஆகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

முந்நூறு கிலோ ஏறியபோது துறைத்தலைவர் உள்ளே வந்து மேஜைக்கு அருகில் நின்றார். அவள் திரையைக் காட்டினாள்.

"நடுவுல ரெண்டு புள்ளி ஒன்பது ஒண்ணு சார். இடது முனை புள்ளி மூணு இறங்கியிருக்கு. வலது பூஜ்யம்."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு முனை மட்டும் இறங்கினால் நடுப்பகுதி அதில் பாதி இறங்கும். இரண்டு புள்ளி ஒன்பது ஒன்றில் புள்ளி ஒன்று ஐந்தைக் கழித்தார். இரண்டு புள்ளி ஏழு ஆறு. சூத்திரம் சொல்வது இரண்டு புள்ளி ஏழு.

"உத்தரம் சரியாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "மிச்சம் இருக்கிற இந்தச் சின்ன வித்தியாசம் வெட்டு விசையால, உத்தரத்தைக் குறுக்கே அறுக்கப் பாக்குற விசையால வர்றது. அதைச் சூத்திரம் கணக்குல எடுக்குறதில்ல."

"ஆமா சார்."

"அப்ப இடது பிராக்கெட்டு."

"இன்னும் ஒரு நூறு ஏத்திட்டு நிறுத்திடுறேன் சார். அஞ்சு கல்லு."

அந்தக் கற்களை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். கையை முழுசாக நீட்டி, உடம்பைத் தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. கடைசிக் கல் உட்கார்ந்தபோது மேலே எங்கோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளியை இரண்டு விரலால் ஒடித்தமாதிரி. அவள் மேஜைக்கு வந்துவிட்டாள்.

"புள்ளி ஏழு" என்று மகள் திரையைப் படித்தாள். பிறகு, "புள்ளி ஏழு ரெண்டு" என்றாள். யாரும் எதையும் ஏற்றவில்லை. "புள்ளி ஏழு மூணு. சித்தி, முள்ளு நிக்க மாட்டேங்குது."

எடை மாறாதபோது முள் நகரக்கூடாது. அந்த முள் கடிகாரத்தின் நிமிஷ முள்ளைப்போல, பார்த்துக்கொண்டிருக்கும்போது அசையாமலும், கண்ணை எடுத்துத் திரும்பினால் நகர்ந்தும் இருந்தது. கூடத்தில் வேறு அசைவே இல்லை. தூண், உத்தரம், தட்டு எல்லாம் அவள் பணியில் சேர்ந்த நாளில் இருந்தபடியே அமைதியாக நின்றன. இவ்வளவு அமைதியாக ஒன்று கழன்றுகொண்டிருக்க முடியும் என்பதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் நானூறு கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிளவு எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. இறக்கியாக வேண்டும். மகள் கோட்டருகே ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"நில்லு" என்றாள் அவள். உரக்கச் சொல்லவில்லை. மகள் நின்றுவிட்டாள்.

மர ஆப்புகளையும் சுத்தியலையும் நீளமான கழி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். தட்டுக்கும் கட்டைகளுக்கும் இடையிலிருந்த சந்தில் ஆப்புகளைக் கழியால் தள்ளி, சுத்தியலால் மாறி மாறித் தட்டினாள். தட்டு மெல்ல மரத்தின்மேல் உட்கார்ந்தது. கம்பிகள் தளர்ந்தன. "இடது முள்ளு திரும்புது" என்றாள் மகள். பிறகுதான் கற்களை எடுக்க ஆரம்பித்தாள். இரண்டாவது கல்லை எடுத்துத் திரும்பியபோது துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிரே நின்றிருந்தார்.

"இப்படிக் குடுங்க" என்றார்.

"சார், நீங்க தள்ளி..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. குடுங்க."

தட்டு காலியானதும் ஏணியில் ஏறி இடது பிராக்கெட்டின் மேல்விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்தாள். நீலம் உரிந்தது. அதற்கடியில் வெள்ளையாகப் பட்டி வந்தது, பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டிக்கடியில் வெல்டிங்கை ஒட்டி மயிர் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அதில் ஒரு பகுதி துருவேறிப் பழசாகவும், கடைசி அங்குலம் வெள்ளிமாதிரிப் பளபளவென்று புதிதாகவும் இருந்தது. வண்ணம் அடித்தவன் கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தை ஒழுங்காக நிரப்பிவிட்டுப் போயிருந்தான். அவனிடம் சுவர்களையும் தூண்களையும் அழகாக்கச் சொன்னார்கள், அழகாக்கினான்.

துறைத்தலைவர் அங்கேயே நின்று தேர்வாளருக்குப் போன் செய்தார். உத்தரச் சோதனை கிடையாது, வேறு சோதனை வைத்துக்கொள்ளலாம் என்றார். காரணம் கேட்டிருப்பார்கள்போல. "தாங்குற இடம் இறங்குது. அளந்து பாத்தாச்சு" என்றார். ஆகட்டும் என்று சொல்லவில்லை.

அவளுடைய பயம் இந்த ஒருமுறை சரியாக இருந்தது என்பதால் அவள் பெரிய மனுஷி ஆகிவிடவில்லை. அறிவைவிட அதிர்ஷ்டத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம்: கல் தூக்குவதில் ஆசையுள்ள ஒரு பையன், பார்த்ததை மாற்றாமல் எழுதிய ஒரு பெண். ஆனாலும் அன்று அவள் பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கே இருக்கிறதென்று தேடிப் போய் அளந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல இருக்கிற நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அது குறைவும் அல்ல.

மகள் தன் அறிக்கையை மேஜைமேல் பிரித்து வைத்திருந்தாள். உராய்வையும் மனிதப் பிழையையும் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதிக்கொண்டிருந்தாள். 'அளந்த தொய்வு கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்தது. எடை கூடக்கூட வேறுபாடு எடையைவிட வேகமாக வளர்ந்தது. இடது பிராக்கெட்டின் இறக்கத்தில் பாதியைக் கழித்தால், வேறுபாடு வெட்டு விசைத் தொய்வின் அளவுக்குக் குறைகிறது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் உத்தரம் அல்ல, இடது பிராக்கெட்டின் வெல்டிங்கில் உள்ள பிளவு.'

"சரியா சித்தி?"

"முந்நூறு கிலோவுக்குத்தான் இதைச் சரிபார்த்தோம். அதையும் எழுது. ஐந்நூறுக்கு முனை எவ்வளவு இறங்குச்சுன்னு நாம அளக்கல."

மகள் எழுதினாள். அவள் அலமாரிக்குப் போய் முந்தைய வருஷங்களின் அறிக்கைகளை எடுத்துப் புரட்டினாள். துருவேறிய அந்தப் பகுதி எப்போது விரிந்திருக்கும் என்று பார்க்க நினைத்தாள். போன வருஷம் நாலு புள்ளி ஆறு. அதற்கு முந்தின வருஷம் நாலு புள்ளி ஐந்து ஒன்பது. அதற்கும் முந்தி நாலு புள்ளி ஆறு. எல்லாவற்றிலும் அவளுடைய சிவப்புச் சரி. இதில் எத்தனை பேர் கல்லை முழுசாக ஏற்றினார்கள், எத்தனை பேர் பார்த்து எழுதினார்கள்? எத்தனை மதியங்களில் பிள்ளைகள் அந்தப் பிளவை நம்பி உத்தரத்துக்குக் கீழே நின்று முள்ளைப் படித்தார்கள்? அறிக்கைகள் ஒன்றுபோல் ஒழுங்காக இருந்தன. அவற்றிலிருந்து அவளால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"கிளம்பலாமா சித்தி?" என்றாள் மகள்.

"வலது பக்கத்தையும் தேய்ச்சுப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் ஏணியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.